அழித்தது ஒரு தொகுதி, இழந்தது எவ்வளவு?
ஏபிஎஃப்எஸ் வன்தட்டில் கோப்புகளை மீட்ட அனுபவம்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சனிக்கிழமை மாலை ஒன்றில், எங்கள் தமிழ்மொழிக் கழகத்தின் ஒலிப்பதிவுகள் அனைத்தையும் நான் அழித்துவிட்டேன். பேராக், கெடா மாநிலங்களின் பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களை எனக்கு முன் படித்த மாணவர்கள் ஏழு ஆண்டுகளாகத் தேடிச் சென்று பதிவு செய்த 126 நேர்காணல்கள் அவை. பேசியவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. வேறு நகலும் இல்லை.

இறுதியில் 112 பதிவுகள் முழுமையாகத் திரும்பின. 9 பதிவுகள் இடையிடையே சிதைந்து வந்தன. 5 போயே போய்விட்டன. கிடைத்தவை ஏன் கிடைத்தன, போனவை ஏன் போயின என்ற இரு கேள்விகளுக்கும் விடை, ஆப்பிள் கணினிகள் வட்டில் இடத்தைப் பங்கிடும் முறையில்தான் இருக்கிறது. அதை அன்றே நான் அறிந்திருந்தால் அந்த 14 பதிவுகளும் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஆகவே, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

கழகத்திடம் இருந்தது 1 டெராபைட் கொள்ளளவுள்ள, சுழலும் தட்டுகளைக் கொண்ட சாதாரண வெளி வன்தட்டு. அதில் இரண்டு பகுதிகள் இருந்தன. `ARKIB` என்பதில் நேர்காணல்களும் பழைய ஆண்டிதழ்களின் வருடிய பக்கங்களும், மொத்தம் 212 ஜிபி. `VIDEO` என்பதில் நிகழ்ச்சிக் காணொளிகள், 390 ஜிபி. காணொளிகள் வேறு இடத்திலும் இருந்ததால் `VIDEO` பகுதியைத் துடைத்துவிட்டுப் புதிய நாடக விழாவின் காணொளியைப் போடுவது என் திட்டம்.

`Disk Utility` நிரலைத் திறந்தேன். இடப்பக்கத்தில் இரு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒன்றைத் தேர்ந்து `Erase` பொத்தானை அழுத்தினேன். எதை அழிக்கப் போகிறோம் என்று பெயரைச் சொல்லிக் கேட்கும் சிறிய சட்டம் தோன்றியது. அதைப் படிக்காமலே மீண்டும் `Erase` அழுத்தினேன். சில நொடிகளில் வேலை முடிந்தது. பிறகு விழாக் காணொளி அடங்கிய 18 ஜிபி கோப்புறையை, உள்ளே திறந்துகூடப் பார்க்காமல், மேசைத்திரையில் இருந்த `VIDEO` சின்னத்தின் மீது இழுத்துப் போட்டேன்.

நகலெடுப்பு முடிந்ததும் காலியிடத்தைப் பார்த்தேன். 390 ஜிபியைத் துடைத்துவிட்டு 18 ஜிபி போட்டால் ஏறத்தாழ 770 ஜிபி மிஞ்ச வேண்டும். 592 என்றே காட்டியது. குறைந்தது 178. அது 390க்கும் 212க்கும் உள்ள வேறுபாடு. அந்தக் கணக்கைப் போட்ட மறுகணமே எதை அழித்தேன் என்பது விளங்கிவிட்டது. `ARKIB` திறந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

கணினித்துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவரை அழைத்தேன்.

“அண்ணே, ஆர்க்கிப்ப அழிச்சிட்டேன்.”

“அதுக்கப்புறம் அந்தத் தட்டுல ஏதாச்சும் எழுதினியா, தம்பி?”

“ஆர்க்கிப்ல ஒண்ணும் எழுதலண்ணே. வீடியோலதான் 18 ஜிபி போட்டேன்.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “ரெண்டும் ஒரே கன்டெய்னர்தானே? இப்பவே வயர கழட்டு. மத்தத அப்புறம் பேசுவோம்.”

வேறொரு பகுதியில் எழுதியதற்கு அவர் ஏன் அப்படிப் பதறினார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரே குறிப்பேடு, இரண்டு பொருளடக்கம்

பழைய முறையில் வட்டைப் பிரிப்பது வீட்டுக்குள் சுவர் எழுப்புவது போன்றது. இந்தப் பக்கம் 500 ஜிபி, அந்தப் பக்கம் 500 ஜிபி. ஓர் அறையில் நடப்பது மற்றோர் அறையைத் தொடாது. என் மனத்தில் இருந்த படமும் அதுதான்.

2017ஆம் ஆண்டு முதல் ஆப்பிள் கணினிகளில் புழங்கும் ஏபிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில் அந்தச் சுவர் இல்லை. திரையில் `Container` என்று தோன்றுவதைக் கொள்கலன் என்றும், `Volume` என்று தோன்றுவதைத் தொகுதி என்றும் சொல்வோம். வட்டின் இடம் முழுவதும் கொள்கலனுக்கே உரியது. தொகுதிகள் அதற்குள் வாழ்கின்றன. ஒரு தொகுதிக்கு இடம் தேவைப்படும்போது கொள்கலனின் பொதுக் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கோப்பை நீக்கினால் இடம் பொதுவுக்கே திரும்புகிறது. இதனால்தான் இரு தொகுதிகளும் எப்போதும் ஒரே காலியிட அளவைக் காட்டுகின்றன.

அக்காளும் தம்பியும் ஒரே குறிப்பேட்டைப் பங்கிட்டுக்கொள்வதாக எண்ணிப் பாருங்கள். ஆளுக்குப் பாதி என்று பிரிக்கவில்லை. எழுத வேண்டியவர் காலியாக உள்ள பக்கத்தை எடுத்துக்கொள்கிறார். எந்தப் பக்கம் யாருடையது என்பதை இருவரும் தனித்தனிப் பொருளடக்கத்தில் குறித்துக்கொள்கிறார்கள். எந்தெந்தப் பக்கம் காலி என்ற பட்டியல் மட்டும் இருவருக்கும் பொது.

இப்போது தம்பியின் தொகுதியை ‘அழிப்பது’ என்றால் என்ன? அவன் எழுதிய பக்கங்களை யாரும் அழிப்பான் கொண்டு தேய்ப்பதில்லை. அவனுடைய பொருளடக்கம் கைவிடப்படுகிறது. அவன் பக்கங்கள் எல்லாம் ‘காலி’ என்று பொதுப் பட்டியலில் ஏறுகின்றன. 212 ஜிபி சில நொடிகளில் ‘அழிந்தது’ இப்படித்தான். எழுத்து அப்படியே இருக்கிறது. ஆனால் அடுத்துக் காலிப்பக்கம் தேடி வரும் அக்காள், எந்தத் தயக்கமும் இன்றி அதன் மேலேயே எழுதுவாள்.

நான் செய்தது அதுதான். `VIDEO` தொகுதியில் போட்ட 18 ஜிபியில் ஒரு பகுதி, சற்றுமுன் `ARKIB` விட்டுச்சென்ற இடத்தில் போய் அமர்ந்தது. சுவர் இருந்திருந்தால் ஒரு பதிவுகூடக் கெட்டிருக்காது.

உங்கள் வட்டு எப்படி அமைந்துள்ளது என்பதை `Terminal` நிரலில் இக்கட்டளை காட்டும்:

```
diskutil list external
```

எங்கள் வட்டுக்கு வந்த விடையின் சுருக்கம் இது:

```
/dev/disk4 (external, physical):
   2:   Apple_APFS Container disk5   disk4s2
/dev/disk5 (synthesized):
   1:   APFS Volume ARKIB            disk5s1
   2:   APFS Volume VIDEO            disk5s2
```

`disk4` என்பது கையில் பிடிக்கக்கூடிய வன்தட்டு. `disk5` என்பது அதனுள் இருக்கும் கொள்கலன். இரு தொகுதிகளும் `disk5` என்றே தொடங்குவதைக் கவனியுங்கள். ஒரே எண்ணில் தொடங்கினால் ஒரே குறிப்பேடு. இந்த எண்கள் வட்டை ஒவ்வொரு முறை செருகும்போதும் மாறக்கூடும். ஆகவே நேற்று எழுதி வைத்த எண்ணை இன்று நம்பக்கூடாது.

முதலில் நகல், பிறகே மீட்பு

வட்டை மீண்டும் செருகினால் கணினி இரு தொகுதிகளையும் தானாகவே திறந்துவிடும். திறந்த நிலையில், நாம் கையை வைக்காவிட்டாலும் எழுத்து நடக்கிறது. தேடலுக்கான அட்டவணை `.Spotlight-V100` என்ற மறைவான கோப்புறையிலும், மாற்றங்களின் குறிப்பு `.fseventsd` என்பதிலும் சேர்ந்துகொண்டே இருக்கும். அவையும் அதே காலிப்பக்கங்களைத்தான் எடுக்கும். ஆகவே செருகியவுடன் செய்ய வேண்டியது, வட்டு முழுவதையும் இறக்கிவிடுவது:

```
diskutil unmountDisk disk4
```

வயரைப் பிடுங்கத் தேவையில்லை. தொகுதிகள் மூடிக்கொள்ளும், வட்டு மட்டும் இணைந்திருக்கும். `First Aid` என்ற பொத்தானையும் இந்நேரத்தில் அழுத்தக்கூடாது. அது இன்றைய பொருளடக்கத்தைச் சீர்செய்யும் கருவி. நமக்கு வேண்டியது நேற்றையது. அது செய்யும் திருத்தமும் ஓர் எழுத்தே.

அடுத்து, வட்டின் ஒவ்வொரு பைட்டையும் வேறொரு வட்டுக்கு முழுநகல் எடுத்தோம். அதற்கென 2 டெராபைட் வட்டு ஒன்றைக் கடன் வாங்கினோம். காலியாகத் தெரியும் இடத்தையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டியிருப்பதால், பெறும் வட்டில் குறைந்தது 1 டெராபைட் இடம் வேண்டும்.

```
sudo dd if=/dev/rdisk4 of=/Volumes/SALINAN/salinan.img bs=4m
```

இக்கட்டளையில் `if` என்பது படிக்கும் இடம். `of` என்பது எழுதும் இடம். இரண்டையும் மாற்றிப் போட்டால் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது. நாங்கள் இருவரும் எண்ணை உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகே உள்ளிடு விசையை அழுத்தினோம். `Resource busy` என்று வந்தால் வட்டு இன்னும் இறக்கப்படவில்லை என்று பொருள். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டெராபைட் நகலாக ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் ஆகும். திரை அமைதியாகவே இருக்கும். `Control`, `T` இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எவ்வளவு முடிந்தது என்று தெரியும்.

நகல் முடிந்ததும் மூல வட்டை உறையிலிட்டு எடுத்து வைத்தோம். அதன் பிறகு எல்லாச் சோதனையும் நகலின் மீதுதான். ஒரு முயற்சி தவறினால் நகல் கெடும், மூலம் கெடாது.

பழைய பொருளடக்கத்தைத் தேடுதல்

ஏபிஎஃப்எஸ் முறைக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் விவரப் பதிவுகளை இருந்த இடத்திலேயே திருத்தி எழுதாது. திருத்தம் வந்தால், திருத்திய பக்கத்தைப் புதிய காலிப்பக்கத்தில் எழுதிவிட்டு, ‘இனி இதைப் பார்’ என்று சுட்டியை மாற்றும். மின்சாரம் நடுவில் நின்றாலும் பழைய பக்கம் முழுதாக இருக்கட்டும் என்பதே இதன் நோக்கம். நம் நிலையில் இதற்கு இன்னொரு பயன் உண்டு. பொருளடக்கத்தின் பழைய பிரதிகள், யாரும் மேலெழுதாத வரை, வட்டில் ஆங்காங்கே கிடக்கும்.

அவற்றை அடையாளம் காணலாம். ஏபிஎஃப்எஸ் வட்டை 4096 பைட்டு கொண்ட பிளாக்குகளாகப் பிரிக்கிறது. 1 டெராபைட்டில் ஏறத்தாழ 24 கோடியே 40 இலட்சம் பிளாக்குகள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தலைப்பதிவு உண்டு. அது அமர்ந்துள்ள பிளாக்கில் முதல் 32 பைட்டுகளை அடுத்து `APSB` என்ற நான்கு எழுத்துகள் இருக்கும். அந்த 32 பைட்டுகளுக்குள், பதினாறாம் பைட்டு முதல் ஒரு வரிசை எண் உள்ளது. கொள்கலனில் மாற்றங்கள் பதியப் பதிய அந்த எண் கூடிக்கொண்டே போகும், குறையாது. ஆகவே பெரிய எண் என்றால் பிந்திய பிரதி. அதே தலைப்பதிவில் தொகுதியின் பெயரும், அதிலுள்ள கோப்புகளின் எண்ணிக்கையும் எழுதப்பட்டிருக்கும்.

முன்னாள் மாணவர் எழுதித் தந்த சிறு நிரல் இது:

```
import struct
f = open("salinan.img", "rb")
n = 0
while True:
    b = f.read(4096)
    if len(b) < 4096:
        break
    if b[32:36] == b"APSB":
        xid = struct.unpack("<Q", b[16:24])[0]
        fail = struct.unpack("<Q", b[184:192])[0]
        nama = b[704:960].split(b"\0")[0].decode("utf-8", "replace")
        print(n, xid, fail, nama)
    n += 1
```

இந்நிரல் எதையும் எழுதுவதில்லை, படிக்க மட்டும் செய்கிறது. பல மணி நேரத்துக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் வந்தன. `VIDEO` வரிகளை ஒதுக்கிவிட்டு, `ARKIB` வரிகளை மட்டும் வரிசை எண்ணின்படி அடுக்கினோம். வரிசை எண் 20771 வரை கோப்புகளின் எண்ணிக்கை 3418 என்று நின்றது. அதை அடுத்து வந்த `ARKIB` வரியில் எண்ணிக்கை ஒற்றை இலக்கம். இரண்டுக்கும் இடையில்தான் நான் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். நாங்கள் திரும்பிச் செல்ல வேண்டிய நிலை 20771.

இதற்கு மேல் கையால் செய்வது கடினம். தலைப்பதிவிலிருந்து கோப்புப் பெயர்களின் கிளைகளுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு கோப்பும் எந்தப் பிளாக்குகளில் உள்ளது என்ற குறிப்புக்கும் இறங்கிச் செல்ல வேண்டும். ஆர்-ஸ்டூடியோ, யூஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்ற மீட்பு மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. நகல் கோப்பைத் திறந்து ஆராயச் சொன்னால், கண்டெடுத்த தொகுதி நிலைகளைப் பட்டியலிடும். பலர் இவ்விடத்தில் முதலாவதாக வருவதைத் தேர்ந்து, வெறும் கோப்புறையைக் கண்டு மனம் தளர்கிறார்கள். எந்த நிலை நமக்குரியது என்பதை நாங்கள் முன்பே அறிந்திருந்ததால், கோப்புறைகள் பெயர்களோடு விரிந்தபோது சரியானதைத்தான் பார்க்கிறோம் என்ற உறுதி இருந்தது. மீட்டவற்றை மூன்றாவது ஓர் இடத்தில் சேமித்தோம்.

126 நேர்காணல்களில் 123க்குக் குறிப்பு கிடைத்தது. மூன்றின் குறிப்பு இருந்த பக்கமே மேலெழுதப்பட்டுவிட்டது. அவற்றுக்கு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினோம். அது பொருளடக்கத்தைப் பார்ப்பதில்லை. கோப்பின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு பக்கம் பக்கமாகத் தேடும். எங்கள் பதிவுகள் வேவ் வகையைச் சேர்ந்தவை. அவை `RIFF` என்று தொடங்கி, அடுத்த நான்கு பைட்டுகளில் தம் நீளத்தைச் சொல்கின்றன. இம்முறையில் பெயர் கிடைக்காது. கோப்பு ஒரே தொடராக அமையாமல் வெவ்வேறிடங்களில் துண்டாகக் கிடந்தால் பாதியில் வேறொன்று கலந்துவிடும். எங்களுக்கு மூன்றில் இரண்டு முழுமையாகக் கிடைத்தன. குரலைக் கேட்டுத்தான் யார் பேசுகிறார் என்று கண்டு பெயர் வைத்தோம்.

பெயரும் அளவும் சரி, உள்ளே?

123 கோப்புகளும் பெயரோடும் சரியான அளவோடும் வந்ததைக் கண்டு அன்றிரவு மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி அவசரமானது. ஏபிஎஃப்எஸ் தன் விவரப் பதிவுகளுக்குச் சரிபார்ப்பு எண் இட்டுக் காக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பொருளடக்கம் ‘பக்கம் 40 முதல் 90 வரை’ என்று சொன்னால், மென்பொருள் அந்தப் பக்கங்களை எடுத்துத் தரும். நடுவே பத்துப் பக்கங்களில் இப்போது நாடக விழாக் காணொளி இருந்தாலும் அதற்குத் தெரியாது. எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும். எங்கள் பதிவுக்கருவி நொடிக்கு 1,92,000 பைட்டு எழுதும். ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 691 எம்பி. இவ்வகைக் கோப்பில் அழுத்தமோ சுருக்கமோ இல்லாததால், மேலெழுதப்பட்ட இடம் காதைக் கிழிக்கும் இரைச்சலாக ஒலிக்கும். ஒலித்திருத்த மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்த்தாலே போதும். பேச்சு ஏறி இறங்கும். இரைச்சல் மேலிருந்து கீழ்வரை நிரம்பிய கட்டையாகத் தெரியும். இப்படி நோக்கியதில் 110 பதிவுகள் முழுமை. 9 பதிவுகளில் சில நிமிடங்கள் இரைச்சல். நான்கில் தொடக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல். ஒரு பாட்டி தம் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லி, “எங்கம்மா என்னைய தூக்கிட்டு” என்று தொடங்குகிறார், அதோடு சரி.

பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்தபோது தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் எழுந்தது. கழகத்தின் பழைய பட்டியலோடு மீட்ட பெயர்களை ஒப்பிட்டால், 31 பதிவுகள் இல்லை என்று கணினி சொன்னது. கண்ணுக்கோ அவை அங்கேயே தெரிந்தன. ‘பொன்னம்மா’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரு வகையாக எழுதலாம். ஒரே எழுத்தாக U+0BCA என்றும் எழுதலாம். எகரக் குறியையும் காலையும் சேர்த்து U+0BC6, U+0BBE என்றும் எழுதலாம். ஆப்பிளின் முந்தைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. ஏபிஎஃப்எஸ் வந்தபடியே வைத்துக்கொள்கிறது. பழைய வட்டிலிருந்து வந்த பெயர்கள் பிரிந்த வடிவில் இருந்தன. பட்டியலில் தட்டச்சு செய்தவை சேர்ந்த வடிவில் இருந்தன. இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றியதும் 31 பேரும் வந்து சேர்ந்தார்கள். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் உள்ள பெயர்கள் மட்டும் காணாமற் போனதாகத் தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஸ்னாப்ஷாட் ஏன் கைகொடுக்கவில்லை?

“ஏபிஎஃப்எஸ்லதான் ஸ்னாப்ஷாட் இருக்கே, அதுலேர்ந்து எடுக்க முடியாதா?” என்று கழகத்தில் பலர் கேட்டார்கள். நானும் முதலில் அதைத்தான் தேடினேன்.

ஸ்னாப்ஷாட் என்பது கோப்புகளின் நகல் அன்று. ஒரு குறிப்பிட்ட நேரத்தின் பொருளடக்கத்தைப் பத்திரப்படுத்தி, ‘இது சுட்டும் பக்கங்களை யாரும் காலி என்று எண்ணக்கூடாது’ என்று விதிப்பது. அதனால்தான் நொடியில் உருவாகிறது. தொடக்கத்தில் ஏறக்குறைய இடமே பிடிப்பதில்லை. பிறகு நீங்கள் ஒரு கோப்பை நீக்கினாலும் அதன் பக்கங்கள் விடுபடுவதில்லை.

`Time Machine` இயங்கும் மடிக்கணினியில் இத்தகைய ஸ்னாப்ஷாட் மணிக்கொரு முறை உருவாகி ஏறத்தாழ 24 மணி நேரம் இருக்கும். இடம் நெருக்கடியானால் கணினியே முன்கூட்டி நீக்கிவிடும். எங்கள் செயலாளர் ஒருமுறை ஆய்வேட்டின் மூன்றாம் இயலைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கிவிட்டார். அன்று காலை ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது:

```
tmutil listlocalsnapshots /
mkdir /tmp/snap
sudo mount_apfs -o rdonly -s com.apple.TimeMachine.2024-01-18-091204.local /System/Volumes/Data /tmp/snap
```

முதற்கட்டளை தரும் பெயரை மூன்றாவதில் இட வேண்டும். அவ்வளவில் அன்று காலை 9.12 மணியின் நிலை `/tmp/snap` கோப்புறையில் திறந்துகொண்டது.

ஆனால் அந்தப் பழைய பொருளடக்கம் வைக்கப்படுவது அதே தொகுதிக்குள்தான். தம்பி தன் பழைய பொருளடக்கங்களைத் தன் பையிலேயே வைத்திருக்கிறான். பையைத் தூக்கி எறிந்தால் அவையும் சேர்ந்தே போகும். தொகுதியை அழித்தால் அதன் ஸ்னாப்ஷாட்டுகள் அனைத்தும் அத்தொகுதியோடு அழிகின்றன. எங்கள் வெளி வட்டு `Time Machine` பட்டியலில் இல்லாததால் அதில் ஸ்னாப்ஷாட்டே உருவாகியிருக்கவில்லை. உருவாகியிருந்தாலும் பயனிருந்திருக்காது. கோப்பை நீக்கிய தவறுக்கு ஸ்னாப்ஷாட் மருந்து. தொகுதியை அழித்த தவறுக்கு அன்று.

மீளாத நிலைகள்

எங்களுக்குக் கிடைத்த அளவு எல்லாருக்கும் கிடைக்காது. எங்கள் வட்டு சுழலும் தட்டு வகை, மறையாக்கமும் செய்யப்படவில்லை. இவ்விரண்டில் ஒன்று மாறினாலும் கதை மாறியிருக்கும்.

ஆப்பிள் சிலிக்கான் மடிக்கணினிகளிலும், அதற்கு முந்தைய டி2 சில்லு உள்ளவற்றிலும், உள்வட்டில் எழுதப்படும் அனைத்தும் மறையாக்கத்துடனேயே எழுதப்படுகின்றன. தொகுதியை அழிக்கும்போது அதன் சாவியே அழிக்கப்படுகிறது. பக்கங்கள் இருந்தாலும் அவற்றை வாசிக்க வழியில்லை. கடவுச்சொல் நினைவிருந்தாலும் உதவாது. அங்கே மீட்பு மென்பொருளுக்குப் பணம் கொடுப்பது வீண். காப்பு நகல் இருக்கிறதா என்று தேடுவதே வழி. உள்வட்டுகள் திடநிலை வகையாகவும் இருப்பதால், காலியான பக்கங்களை வட்டே பின்னணியில் துடைத்துவிடும். மறையாக்கம் செய்த வெளித்தொகுதியை அழித்தாலும் சாவி போவதால் மீட்பு பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

இன்று எங்கள் ஏற்பாடு

மீட்ட பதிவுகள் இப்போது தனி வன்தட்டில் இருக்கின்றன. அதில் வேறு தொகுதி இல்லை. காணொளிக்கு வேறு வட்டு. ஒரே கொள்கலனில் இரு தொகுதி வைப்பது பெயர்களைப் பிரிக்குமே தவிர, ஆபத்தைப் பிரிக்காது என்பதைப் பட்டுத்தான் அறிந்தோம். இரண்டாவது நகல் ஒரு முன்னாள் மாணவரின் வீட்டில், வேறு ஊரில் உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை புதிய செயலவை பொறுப்பேற்கும்போது இரு வட்டுகளையும் செருகி, பட்டியலோடு ஒப்பிட்டு, பத்துப் பதிவுகளையேனும் திறந்து கேட்கிறோம்.

`Disk Utility` நிரலில் `View` பட்டியலின் கீழுள்ள `Show All Devices` என்பதையும் கழகக் கணினியில் தேர்ந்து வைத்திருக்கிறோம். வட்டு, அதன்கீழ் கொள்கலன், அதன்கீழ் தொகுதிகள் என்று மூன்று படிகளும் அப்போது தெரியும். எதை அழிக்கப் போகிறோம், அது யாரோடு இடத்தைப் பகிர்கிறது என்பது ஒரு பார்வையில் விளங்கும்.

இரைச்சலோடு வந்த 9 பதிவுகளையும் அப்படியே வைத்திருக்கிறோம். எத்தனையாவது நிமிடத்தில் பேச்சு நிற்கிறது, எங்கே மீண்டும் தொடங்குகிறது என்று ஒவ்வொன்றுக்கும் குறித்திருக்கிறேன். போன ஐந்து பேரில் இருவர் இன்னும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. சென்ற டிசம்பர் விடுமுறையில் அவர்களில் ஒருவரைச் சுங்கை சிப்புட்டில் சந்தித்து மீண்டும் பதிவு செய்தேன். முன்பு சொன்னதையேதான் சொல்கிறேன் என்றார் தாத்தா. நான் ஒப்பிட்டுப் பார்க்க முன்பு சொன்னது என்னிடம் இல்லை.